போனஸும் சம்பளமும்: ஒரே தொகை, இரண்டு விதச் செலவு

தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரியான செய்தி வருகிறது. தமிழக அரசின் பொதுத்துறை நிறுவனங்களில் சி, டி பிரிவுத் தொழிலாளர்களுக்கு 20 சதவீதம் போனஸ், அதில் 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை, அதிகபட்சம் ரூ.16,800 என்று அறிவிப்பு இருக்கும். அண்மை ஆண்டுகளில் இதுதான் வழக்கம். இதைத் தொடர்ந்து, "போனஸ் பணம் கையில் நிற்காது" என்ற பேச்சும் வரும். சம்பளத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பம் போனஸை மட்டும் ஏன் வேறு மாதிரி செலவழிக்கிறது என்பது அந்தப் பேச்சில் உள்ள கேள்வி. அதற்கான விடை, பேச்சு கருதிக்கொள்வதிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது.

## 8.33 என்ற எண்

முதலில் போனஸ் என்பது என்ன வகைப் பணம் என்று தெரிய வேண்டும். 1965ஆம் ஆண்டின் போனஸ் வழங்கல் சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்ற வரம்புக்குள் இதை வைத்தது. (குறைந்தபட்சம் முதலில் 4 சதவீதமாகத்தான் இருந்தது.) 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதே இரு எல்லைகளை எடுத்துக்கொண்டது. 100ஐ 12ஆல் வகுத்தால் 8.33. அதாவது குறைந்தபட்ச போனஸ் என்பது ஆண்டு ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாத ஊதியம். கணக்கிடுவதற்கான மாத ஊதியத்தை ரூ.7,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ரூ.84,000. அதில் 20 சதவீதம் ரூ.16,800. செய்தியில் வரும் தொகை இப்படித்தான் கிடைக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, இது லாட்டரிப் பரிசு அல்ல என்பது. எவ்வளவு வரும், எப்போது வரும் என்று வாங்குபவருக்கு ஏறக்குறைய முன்பே தெரியும். ஆண்டு முழுவதும் உழைத்ததற்கான கூலியில் ஒரு பகுதி பிடித்துவைக்கப்பட்டு, பண்டிகைக்கு முன் மொத்தமாகக் கைக்கு வருகிறது. சட்டத்தின் மொழி என்னவாக இருந்தாலும், கணக்கின் மொழியில் அது பின்தேதியிட்ட சம்பளம்.

## இரண்டு பேர், ஒரே ஆண்டு வருமானம்

ஓர் எடுத்துக்காட்டு. பெயர்கள் கற்பனை, தொகைகளும் எளிமைக்காக. செல்வி, ராணி இருவரும் பின்னலாடை நிறுவனங்களில் வேலை செய்கிறார்கள். செல்விக்கு மாதச் சம்பளம் ரூ.18,000, தீபாவளிக்கு போனஸ் ரூ.18,000. ராணிக்கு போனஸ் கிடையாது, ஆனால் மாதச் சம்பளம் ரூ.19,500. இருவருக்கும் ஆண்டு வருமானம் ரூ.2,34,000தான்.

ஏட்டுக் கணக்குப்படி பார்த்தால் ராணிதான் ஒரு படி மேலே. கூடுதல் ரூ.1,500 அவருக்கு மாதாமாதம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. அதை 6.5 சதவீத வட்டி தரும் தொடர் வைப்பில் போட்டு வந்தால் ஆண்டு முடிவில் ரூ.18,000த்துக்கு மேல் ஏறக்குறைய ரூ.600 வட்டியும் இருக்கும். செல்விக்கு அந்த வட்டி இல்லை.

நடப்பது வேறு. ராணியின் ரூ.1,500 வீட்டுச் செலவோடு கலந்துவிடும். பால் அரை லிட்டர் கூடும். மழை தூறினால் பஸ்ஸுக்குப் பதில் ஆட்டோ. பிள்ளைக்கு வாரம் ஒரு முறை வெளியில் தின்பண்டம். இதில் எதையும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டாசைவிட அரை லிட்டர் பால் நல்ல செலவு. ஆனால் ஐப்பசியில் "அந்தப் பதினெட்டாயிரம் எங்கே?" என்று கேட்டால் ராணியால் எதையும் சுட்டிக்காட்ட முடியாது. செல்வியோ மூன்று வருடத்து போனஸையும் ஒப்பிப்பார்: ஒரு வருடம் மிக்ஸி, ஒரு வருடம் அடகில் இருந்த தோடு, ஒரு வருடம் மகளின் கல்லூரிக் கட்டணத்தில் பாதி.

## மனதுக்குள் ஒரு பேரேடு

இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் தந்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர். 1980களில் அவர் எழுதிய கட்டுரைகளிலிருந்து வளர்ந்த இந்தக் கருத்தும் அவருக்கு 2017இல் பொருளியல் நோபல் கிடைத்ததற்கான காரணங்களில் ஒன்று. ஆங்கிலத்தில் 'மென்டல் அக்கவுன்டிங்' எனப்படும் இதைத் தமிழில் 'மனக்கணக்கு' என்று சொன்னால் பேனா இல்லாமல் கூட்டிக் கழிப்பது நினைவுக்கு வரும் என்பதால், இங்கே 'மனப்பேரேடு' என்று வைத்துக்கொள்கிறேன்.

வணிகர் தன் பேரேட்டில் தலைப்பு வாரியாகப் பக்கம் பிரிப்பதுபோல மனிதர்கள் தங்கள் பணத்தை மனதுக்குள் பிரித்து வைக்கிறார்கள். ஒரு பக்கத்துப் பணத்தை இன்னொரு பக்கத்துச் செலவுக்கு எடுக்கத் தயங்குகிறார்கள். பொருளியல் பாடநூல் இதை ஏற்காது. ஒரு ஐநூறு ரூபாய் நோட்டுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு இல்லை, எது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்காமல் மொத்தக் கையிருப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

நம் வீடுகளுக்கு தேலரின் கட்டுரை தேவைப்படவில்லை. கடுகு டப்பாவில் சேர்ந்த சிறுவாட்டுப் பணம் கரண்ட் பில் கட்ட வெளியே வராது. அதே நாளில் பக்கத்து வீட்டில் இருநூறு ரூபாய் கைமாற்று வாங்கப்படும், டப்பா அசையாது. கல்யாணத்தில் வந்த மொய்ப் பணத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம். பணத்துக்குப் பெயர் வைத்தாயிற்று என்றால் பெயரை மீறி அதைத் தொடுவது ஒரு சின்னக் குற்றவுணர்வைத் தருகிறது. அந்தப் பிரிப்பை நிலைநிறுத்துவது அந்தக் குற்றவுணர்வுதான்.

## மூன்று அறைகள்

1988இல் ஹெர்ஷ் ஷெஃப்ரின் என்பவரும் தேலரும் சேர்ந்து இதை ஒரு முறையான மாதிரியாக்கினார்கள். அவர்கள் கணக்கில் குடும்பத்தின் பணம் மூன்று அறைகளில் இருக்கிறது:

1. நடப்பு வருமானம். சம்பளம் விழும் அறை. இங்கே வருவதில் பெரும்பகுதி செலவாகிவிடும்.
2. கையிருப்புச் சொத்து. வங்கிச் சேமிப்பு போன்றவை. இங்கே போன பணம் எளிதில் வெளியே வராது.
3. எதிர்கால வருமானம். ஓய்வூதியம், பின்னால் வரப்போகும் சொத்து. இதை நம்பி இன்று செலவழிப்பவர் குறைவு.

அந்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் வரும் ஒரு சிறு கேள்வித்தாள் நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. மேலாண்மை மாணவர்களிடம் 2,400 டாலர் கூடுதல் வருமானத்தை மூன்று விதமாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். மாதம் 200 டாலராக ஓராண்டு வந்தால் எவ்வளவு செலவழிப்பீர்கள் என்றதற்கு இடைநிலைப் பதில் மாதம் 100 டாலர், ஆண்டுக்கு 1,200. இந்த மாதமே 2,400 டாலர் மொத்தமாக வந்தால்? உடனே 400, பிறகு மாதம் 35 வீதம் பதினொரு மாதம், ஆக 785. ஐந்து ஆண்டு கழித்து வட்டியோடு வரப்போகும் வாரிசுச் சொத்தாக இருந்தால்? இப்போது ஒன்றும் செலவழிக்க மாட்டோம்.

இரண்டாவது பதிலில்தான் "போனஸ் நிற்காது" என்ற பேச்சின் பாதி உண்மை இருக்கிறது. மொத்தமாக வாங்கியவர் முதல் மாதத்தில் 400 டாலர் செலவழிக்கிறார். மாதாமாதம் வாங்குபவர் அதே மாதத்தில் 100தான். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு முன்னவர் ஊதாரியாகத் தெரிவார். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் ஊதாரி 785இல் நிற்க, சிக்கனக்காரர் 1,200 செலவழித்திருக்கிறார். போனஸ் செலவு ஒரே வாரத்தில் கடைத்தெருவில் நடப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது. சம்பளச் செலவு ஆண்டு முழுவதும் துளித் துளியாக நடப்பதால் தெரிவதில்லை.

## "அது மனப்பேரேடுதானா?" என்ற மறுப்பு

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1957இலேயே சொன்னது இது: மனிதர்கள் நிலையான வருமானத்தை நம்பி வாழ்க்கைத் தரத்தை அமைத்துக்கொள்கிறார்கள், ஒரு முறை மட்டும் வரும் பணத்தில் பெரும்பகுதியைச் சேமிக்கிறார்கள். அது பகுத்தறிவுதான், மனதில் அறை எதுவும் கட்டத் தேவையில்லை. சம்பள உயர்வு அடுத்த ஆண்டும் வரும், போனஸ் வருமா தெரியாது, அதனால் வேறுபாடு காட்டுகிறார்கள் என்று அவர் பக்கம் வாதிடலாம்.

எனவே கேள்வியைக் கூர்மையாக்க வேண்டும். தவறாமல் வரும், முன்கூட்டியே தெரிந்த போனஸிலும் இந்த வேறுபாடு இருக்கிறதா? அதற்கு ஏற்ற நாடு ஜப்பான். அங்கே கோடையில் ஒன்று, ஆண்டிறுதியில் ஒன்று என இரு முறை போனஸ் தருவது நெடுநாள் வழக்கம், தொகையும் பெரியது. ஷெஃப்ரின், தேலர் இருவரும் எடுத்துக்காட்டிய 1984ஆம் ஆண்டின் ஜப்பானிய ஆய்வொன்றின் மதிப்பீட்டில், வழக்கமான சம்பளத்தில் கூடுதலாக வரும் 100 யென்னில் ஏறக்குறைய 69 யென் செலவானது. போனஸாக வரும் 100 யென்னில் ஏறக்குறைய 44 யென்தான் செலவானது. எதிர்பார்த்து வாங்கும் பணத்திலேயே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, வருமோ வராதோ என்ற காரணம் மட்டும் போதாது.

## அப்படியானால் கரைந்துபோகும் போனஸ் எது?

எல்லா மொத்தத் தொகையும் சேமிப்பு அறைக்குப் போவதில்லை. அளவு முக்கியம். இதற்குப் பழைய சான்று இஸ்ரேலில் இருந்து வருகிறது. நாஜிக் கொடுமைகளுக்கான இழப்பீடாக மேற்கு ஜெர்மனி அளித்த பணத்தைப் பெற்ற குடும்பங்களை மைக்கேல் லாண்ட்ஸ்பர்கர் ஆராய்ந்து 1966இல் வெளியிட்டார். ஆண்டு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இழப்பீடு பெற்றவர்கள் அதில் கால்பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் செலவழித்தார்கள். ஆண்டு வருமானத்தில் 7 சதவீதம் அளவுக்குச் சிறு தொகை பெற்றவர்கள் வந்ததைப் போல இரு மடங்கு செலவழித்தார்கள்.

இரு மடங்கு என்பது அச்சுப் பிழை அல்ல. சின்னத் தொகை ஒரு சாக்காகிவிடுகிறது. ஐயாயிரம் வந்திருக்கிறது, இன்னோர் ஐயாயிரம் போட்டால் நல்ல கட்டிலே வாங்கிவிடலாம் என்ற கணக்கை அறியாதவர் யார்?

பெரிய தொகையை மனம் சொத்து என்று பதிகிறது, சின்னத் தொகையை நடப்பு வருமானம் என்று பதிகிறது. 8.33 முதல் 20 சதவீதம் வரையிலான போனஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. பல வீடுகளில் போனஸ் வந்ததும் கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் வருவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒருவர் அதைச் சொத்தாகப் பார்த்து "தோட்டை மீட்டுவிடலாம்" என்கிறார், மற்றவர் கைச்செலவாகப் பார்த்து ஜவுளிக் கடை விளம்பரத்தைக் காட்டுகிறார்.

இன்னொரு கோளாறும் போனஸுக்கே உரியது. ஆடி மாதத்திலிருந்தே "போனஸ் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாக்கு பலருக்கும் கொடுக்கப்படுகிறது: பிள்ளைக்கு சைக்கிள், தம்பிக்குக் கைமாற்று, கடையில் பாக்கி. ஒவ்வொரு வாக்கும் தனியாகப் பார்த்தால் போனஸுக்குள் அடங்கும், கூட்டினால் அடங்காது. பேரேட்டில் ஒரே வரவை மூன்று செலவுக்கு எதிரே எழுதியதுபோல் ஆகிவிடுகிறது. மீதியைச் சம்பளம் ஏற்கிறது, அல்லது வட்டிக்காரர்.

## போனஸ் இல்லாதவர்கள் தாங்களே செய்துகொள்ளும் போனஸ்

மொத்தமாகக் கிடைக்கும் பணத்துக்குத் தனி மதிப்பு இருக்கிறது என்பதற்குத் தீபாவளிச் சீட்டைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை. தெருவில் ஒருவரிடம் வாரம் ரூ.300 வீதம் 50 வாரம் கட்டினால் ரூ.15,000. பண்டிகைக்கு முன் அதைப் பணமாகவோ, இனிப்பும் பட்டாசும் பாத்திரமுமாகவோ வாங்கிக்கொள்வார்கள். பெரும்பாலும் வட்டி சொற்பம், நடத்துபவர் ஊரைவிட்டு ஓடிவிடும் அபாயமும் உண்டு. வங்கியில் போட்டால் வட்டியும் கிடைக்கும், பாதுகாப்பும் இருக்கும்.

இருந்தும் ஏன் கட்டுகிறார்கள்? வங்கிப் பணத்தை நடுவில் எடுக்க முடியும் என்பதே காரணம். சீட்டுப் பணத்தை எடுக்க முடியாது. தன் கையைத் தானே கட்டிக்கொள்ள அவர்கள் அந்த வட்டியைக் கட்டணமாகத் தருகிறார்கள். போனஸ் வாங்கும் செல்விக்கு அதே வேலையை முதலாளி செலவில்லாமல் செய்துதருகிறார். இதனால்தான், "போனஸுக்குப் பதில் சம்பளத்தோடு சேர்த்துத் தருகிறோம்" என்று ஒரு நிறுவனம் சொன்னால் தொழிலாளர்கள் தயங்குவதை நான் அறியாமை என்று எண்ணுவதில்லை.

## பிரிப்பு காசைத் தின்னும் இடம்

அறைகள் காவலாகவும் இருக்கும், கண்ணையும் மறைக்கும். செல்விக்கு ரூ.30,000 நகைக்கடன் 12 சதவீத வட்டியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போனஸில் ரூ.12,000த்துக்குப் புதிய கைப்பேசி வாங்குகிறார். அந்தப் பணத்தை நகைக்கடனில் கட்டியிருந்தால் ஆண்டுக்கு ரூ.1,440 வட்டி மிச்சம். கடன் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்காரரிடம் இருந்தால் ஆண்டுக்கு 36 சதவீதம். அப்போது இழப்பு ரூ.4,320. கைப்பேசியின் உண்மை விலை ஓராண்டில் ரூ.16,320 ஆகிவிடுகிறது.

கடன் வட்டி சம்பள அறையிலிருந்து போகிறது, கைப்பேசி போனஸ் அறையிலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் எழுதப்படாததால் இந்த ரூ.4,320 எந்தக் கணக்கிலும் தென்படுவதில்லை.

ஆனால் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது: போனஸில் மிக்ஸி வாங்குவதெல்லாம் மனப்பேரேட்டின் வேலை அல்ல. மாதச் சம்பளத்தில் மிச்சமே பிடிக்க முடியாத வீட்டில், மொத்தத் தொகை வரும் ஒரே நாளில்தான் பெரிய பொருள் வாங்க முடியும். அது வெறும் கைப்பணத் தட்டுப்பாடு. இரண்டையும் பிரித்தறியச் சில சோதனைகள் உண்டு:

1. அதே நேரத்தில் அந்த வீட்டில் தொடாத சேமிப்பும் இருக்கிறதா? இருந்தும் போனஸுக்காகக் காத்திருந்தால் தட்டுப்பாடு காரணமல்ல.
2. போனஸ் செலவுக்குப் பக்கத்திலேயே அதிக வட்டிக் கடன் ஓடுகிறதா? ஓடினால் அறைகளுக்கு நடுவில் சுவர் இருக்கிறது.
3. அதே ரூ.18,000 பழைய வைப்பு முதிர்ந்து வந்திருந்தால் அதே பொருளை வாங்கியிருப்பார்களா? இல்லை என்றால் செலவைத் தீர்மானித்தது பணத்தின் பெயர்.

## அரசுகள் செய்து பார்த்தது

மக்களைச் செலவழிக்க வைக்க விரும்பும் அரசுகளுக்கும் இந்த விஷயத்தில் அக்கறை உண்டு. அமெரிக்கா 2008இல் ஊக்கத் தொகையை ஒரே மொத்தத் தொகையாக அனுப்பியது. 2009இல் வழியை மாற்றி, தனிநபருக்கு 400 டாலர் வரை வரிப் பிடித்தத்தைக் குறைத்துச் சம்பளத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்தது. சின்னச் சின்னதாக வந்தால் சம்பள அறையில் கலந்து செலவாகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. பின்னர் மக்களைக் கேட்டபோது, மொத்தத் தொகையால் முக்கியமாகச் செலவைக் கூட்டினோம் என்றவர்கள் 25 சதவீதம், சம்பளத்தில் கலந்து வந்ததால் கூட்டினோம் என்றவர்கள் 13 சதவீதம்.

கோட்பாடு தோற்றது என்று பலர் முடிவுகட்டினார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. ராணியிடம் போய் "ரூ.1,500 கூடுதலாக வந்ததால் செலவைக் கூட்டினீர்களா?" என்று கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார், பால் அரை லிட்டர் கூடியது அவர் நினைவில் ஒரு முடிவாகப் பதிந்திருக்காது. கலந்துவிடும் பணத்தைப் பற்றிய வாய்மொழிப் பதிலுக்கு இந்தக் குறை எப்போதும் உண்டு.

இந்தியாவில் இதற்கு இணையான முயற்சி 2020 அக்டோபர் 12 அன்று வந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு ரூ.10,000 வட்டியில்லாப் பண்டிகை முன்பணத்தை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். வங்கிக் கணக்கில் போடாமல், முன்பணம் ஏற்றிய ரூபே அட்டையாக, 2021 மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தந்தார்கள். பத்துத் தவணையில் திருப்பிச் செலுத்த வேண்டும். அட்டை என்ற வடிவமும் கெடு தேதியும் பணம் சேமிப்பு அறைக்குள் நுழையாமல் கதவை அடைத்தன.

பாடநூல் மனிதர் இதை எளிதில் தாண்டிவிடுவார். எப்படியும் வாங்க வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு அட்டையைக் கொடுத்துவிட்டு, மிச்சமாகும் சம்பளத்தை வங்கியில் விட்டுவைப்பார். கடைக்காரருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் வியாபாரம் இருக்காது. மற்றவர்கள் முன்பணத்தின் பெயரில் உள்ள 'பண்டிகை' என்ற சொல்லையும் படித்து, ஜவுளிக் கடைக்கோ மின்சாதனக் கடைக்கோ அதை எடுத்துப் போவார்கள். பிறகு பத்து மாதம், மாதம் ரூ.1,000 வீதம், அந்தச் செலவைச் சம்பள அறை சத்தமில்லாமல் அடைத்துக்கொண்டிருக்கும்.